பிசியோதெரபி வேலைக்கு அழைப்பே வரவில்லை: சுயவிவரத்தில் என்ன குறை?

சேலம்_பிபிடி: வணக்கம். மூன்று மாதங்களாக விண்ணப்பித்து வருகிறேன், ஒருவரும் அழைக்கவில்லை. ஐஎஃப்டி, டென்ஸ், அல்ட்ராசவுண்ட், முல்லிகன், டேப்பிங், டிரை நீட்லிங் என எனக்குத் தெரிந்த அனைத்தையும் சுயவிவரத்தில் எழுதியிருக்கிறேன். நாளை மறுநாள் ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். உதவுங்கள்.

அஸ்தம்பட்டி_வாசகி: எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறீர்கள்? எத்தனை ஆண்டு அனுபவம்? வார்டிலா, புறநோயாளிப் பிரிவிலா?

குகை_மூத்தவர்: அனுபவத்தைக் கூடக் குறிப்பிடாமல் கேட்பவருக்கு யார் என்ன சொல்ல இயலும்? ஒரே பக்கத்தில் சுருக்குங்கள். இரண்டாம் பக்கத்தை எவரும் புரட்டுவதில்லை. இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

சேலம்_பிபிடி: மன்னிக்கவும். எலும்பியல் வார்டில் ஓராண்டு, பிறகு தனியார் கிளினிக்கில் இரண்டு ஆண்டுகள். விண்ணப்பிப்பது மூட்டு மாற்று அறுவைப் பிரிவுக்கு.

ஏற்காடு_மிளகு: என் தந்தைக்கு முழங்கால் வலி. மலையிறங்கி வர இயலவில்லை. வீட்டுக்கு வந்து பார்ப்பீர்களா?

நடைப்பயிற்சி: பணிக்கு ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறேன். பக்கம் அல்ல சிக்கல். கருவிகளின் பெயர்களை எல்லோரும் எழுதுவதால், அவற்றைக் கொண்டு உங்களைத் தனியே அடையாளம் காண இயலாது. அறுவை முடிந்த நோயாளியை எழுப்பி நடக்கவைத்த அனுபவம் உண்டா என்பதையே நாங்கள் தேடுகிறோம். அந்த வார்டு ஆண்டைத்தான் நீங்கள் கீழே புதைத்திருப்பீர்கள். அதை மேலே கொண்டுவந்து இவ்வாறு எழுதுங்கள்: "எலும்பியல் வார்டு, 12 மாதங்கள். முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் வாக்கருடன் நடைப்பயிற்சி, தொடைத்தசைப் பயிற்சி, மடக்குகோணத்தைக் கோனியோமீட்டரால் அளந்து பதிதல், வீடு திரும்புமுன் படியேற்றம்." செய்தவற்றை மட்டுமே எழுதுங்கள், 90 பாகைக்கு முன்பே முழங்கால் மடங்குவது நின்றுவிட்ட நோயாளிக்கு என்ன செய்தீர்கள் என்றுதான் நாங்கள் முதலில் கேட்போம். முல்லிகனைக் கிளினிக் பகுதியில், எந்த நோய்க்குப் பயன்படுத்தினீர்களோ அதன் அருகில் வையுங்கள். விசைத்தறித் தொழிலாளியின் தோள்வலி போல. பயிலரங்குக்குச் சென்று வந்ததைச் "சான்று பெற்றவர்" என எழுதாதீர்கள். முல்லிகனில் அந்தப் பெயருக்குத் தனித் தேர்வு உண்டு. பயிலரங்கு என்றே எழுதி, நாள்களின் எண்ணிக்கையையும் ஆண்டையும் சேருங்கள்.

குகை_மூத்தவர்: பெயருக்கு முன் "டாக்டர்" போட்டிருந்தால் அதையும் நீக்கட்டும்.

அஸ்தம்பட்டி_வாசகி: ஏன் நீக்க வேண்டும்? பிசியோதெரபிஸ்டுகள் அதைப் போடக்கூடாது என 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசுக் கடிதம் உடனே திரும்பப் பெறப்பட்டதே!

குகை_மூத்தவர்: கடிதம் போனாலும், விண்ணப்பத்தைப் படிக்கும் எலும்பியல் மருத்துவரின் எண்ணம் போகாது.

நடைப்பயிற்சி: எங்கள் குழுவிலேயே இதில் இரண்டு கருத்துகள் உண்டு. பெயருக்குப் பின் "பிபிடி" என்பது யாரையும் உறுத்தாது.

சேலம்_பிபிடி: வார்டு ஆண்டை மேலே ஏற்றி அனுப்பிவிட்டேன். டிரை நீட்லிங்கை எடுத்துவிட்டேன். ஒரு நாள் பயிலரங்கில் பார்த்ததுதான், நோயாளிக்கு நான் செய்ததில்லை.