மூதூர் இரண்டு முறை வந்த கதை

உப்புவெளியான்
சனசமூக நிலைய நூலகப் பட்டியலை ஊர்வாரியாக எண்ணிக்கொண்டிருந்தேன். மூதூர் இரண்டு வரியாக வந்தது: ஒன்றில் 41 பேர், மற்றதில் 17. தம்பலகாமமும் அப்படித்தான். கிண்ணியா, நிலாவெளி ஒரே வரி. பின்னால் இடைவெளி ஒட்டியிருக்கும் என்று `strip()` போட்டேன், அசையவில்லை. இரண்டையும் `a`, `b` என்று எடுத்து `print` செய்தாலும் ஒன்றுதான். சலித்துப்போய் வெறுமனே `b` என்று தட்டினேன்.

```
>>> a == b
False
>>> len(a), len(b)
(6, 7)
>>> b
'மூதூர்\u200c'
```

கண்ணுக்கு மூன்றெழுத்து, பைதனுக்கு குறிகளையும் சேர்த்து ஆறு. அந்த ஏழாவது ஆள் எங்கிருந்து வந்தான்?

கோணேசர் வீதி
NFC செய்யுங்கள், போய்விடும். எனக்கு ‘கொ’ இரண்டு விதமாக வந்தபோது அதுதான் கைகொடுத்தது.

நிலாவெளி அக்கா
எனக்கும் இதேதான்! ‘ஸ்ரீ’ என்று தேடினால் பாதிப் பெயர்கள்தான் வரும். ஒன்று ஸ போட்டு அடித்தது, மற்றது ஶ போட்டு அடித்தது. அரை நாள் போனது.

பழைய பாமினி
அக்கா, உங்களுடையது வேறு நோய். அங்கே இரண்டும் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள்தான், உருவம் மட்டும் ஒன்று. கோணேசர் வீதித் தம்பி, ெ, ா இரண்டையும் சேர்த்து ொ ஆக்குவதுதான் NFC செய்யும் வேலை. அந்த ஏழாவது ஆளான U+200C, எழுத்துகள் சேராமல் பிரித்து வைக்கும் கண்ணுக்குத் தெரியாத குறி, அதற்குள் படாது. இடைவெளிக் கணக்கிலும் வராததால் `strip()` அதை விட்டுவிடுகிறது.

உப்புவெளியான், உடைந்த இரண்டு ஊரும் புள்ளியில் முடிகிறவை, உடையாதவை அப்படியல்ல. ஏதோ ஒரு விசைப்பலகையோ எழுத்துருமாற்றியோ கடைசிப் புள்ளிக்குப் பின்னால் அதைப் போட்டிருக்கிறது.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். பட்டியல் முழுவதிலும் கண்ணுக்குத் தெரியாத எல்லாவற்றையும் துடைத்துவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து சிங்களப் பெயர்களைக் கெடுத்தேன். சிங்கள ஶ்ரீ ஒட்டி நிற்பதே நடுவிலிருக்கும் U+200D ஆல்தான். அதை எடுத்ததும் எழுத்து பிரிந்துபோனது, கையெழுத்து வாங்க வந்தவர் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். தமிழிலும் க், ஷ இரண்டும் சேரக்கூடாது என்று சிலர் வேண்டுமென்றே 200C போடுவதுண்டு. மூலத்தைத் தொடாமல், ஒப்பிட மட்டும் தனிச் சாவி வையுங்கள்:

```
key = name.replace("\u200c", "").strip()
```

கோணேசர் வீதி
அண்ணா, நான் NFC எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்லவில்லையே. அதையும் சேர்த்துச் செய்யத்தான் வேண்டும்.

பழைய பாமினி
“போய்விடும்” என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பி. சேர்த்துச் செய்வது சரி.

உப்புவெளியான்
சாவி போட்டதும் மூதூர் 58. ஆனால் அந்த 17 பேரையும் பதிந்தது ஒரே பிள்ளை, தன் கைபேசியில். இன்று அதே கைபேசியில் மூதூர் என்று அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். ஆறுதான் வருகிறது.