கிழக்காசிய வயதுக்கணக்குக்குத் தமிழில் என்ன சொல்வது?

மாலதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொரிய வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹங்குல் எழுத்தை உருவாக்கிய செஜோங் அரசர் 1450 இல் இறந்தபோது அவருக்கு என்ன வயது என்பதில் மாட்டிக்கொண்டேன். ஓரிடத்தில் 52 என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் 54. அச்சுப்பிழை என்று நினைத்து அரை நாள் தேடினேன். அப்புறம்தான் தெரிந்தது, இரண்டும் சரி, கணக்குதான் வேறு. அங்கே பழைய வழக்கப்படி குழந்தை பிறந்ததுமே ஒரு வயது.

இந்த இரண்டு கணக்குக்கும் தமிழில் தனித்தனிப் பெயர் வேண்டும். கொரியச் சொல்லையே ஒலிபெயர்த்துப் போட்டுவிடலாம் என்றால் அதில் ஒரு சங்கடம். அவர்கள் மொழியில் வயதுக்கான சொல் நம் காதில் கிட்டத்தட்ட "நாய்" என்று விழுகிறது. "அரசரின் நாய் 54" என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. இப்போதைக்கு மனதில் இருப்பவை "நிறைவயது", "நடப்பு வயது". உங்கள் கருத்து?

பாஸ்கரன் எழுதியது:

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது அம்மா, நம் வீடுகளில் தினமும் சொல்வதுதானே? "பையனுக்கு 25 முடிந்து 26 நடக்கிறது" என்கிறோம். பெண் பார்க்கப் போகும்போது 25, ஜோசியரிடம் போனால் 26! கொரியக்காரர்கள் அந்த 26ஐச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். தாய் வயிற்றில் இருந்த பத்து மாதத்தையும் ஒரு வருடமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள், அதுவும் நியாயம்தான். "நடப்பு வயது" அருமையான சொல், அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

சண்முகம் எழுதியது:

பாஸ்கரன் சொல்வதில் பாதி சரி. நம்முடைய "26 நடக்கிறது" பிறந்தநாளில்தான் மாறும். முடிந்த வயதோடு ஒன்று கூட்டினால் எப்போதும் அது வந்துவிடும். கிழக்காசியக் கணக்கு அப்படியில்லை. அதில் பிறந்தநாளுக்கு வேலையே கிடையாது, புத்தாண்டு பிறந்ததும் ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரு வயது ஏறிவிடும். அதனால் முடிந்த வயதுக்கும் அதற்கும் இடையே சில மாதம் ஒன்று வித்தியாசம், சில மாதம் இரண்டு.

செஜோங்கையே எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்தது 1397 இல், சந்திர நாட்காட்டியின் நான்காம் மாதம் 10ஆம் நாள். இறந்தது 1450 இரண்டாம் மாதம் 17ஆம் நாள். 1450இல் இருந்து 1397ஐக் கழித்தால் 53. அந்த ஆண்டின் பிறந்தநாள் வர இன்னும் இரண்டு மாதம் கிடந்தது, ஆகவே முடிந்தது 52தான். நம் ஊர்ப் பேச்சில் "53 நடக்கிறது" என்போம். கொரிய ஏடுகளிலோ 54. மாலதி "நடப்பு வயது" என்று எழுதினால் தமிழ் வாசகர் 53 என்று எடுத்துக்கொள்வார், இரண்டு கணக்கிலும் சேராத ஓர் எண் கட்டுரைக்குள் நுழைந்துவிடும்.

இன்னும் பளிச்சென்று தெரிய வேண்டுமென்றால் 2020 டிசம்பர் 31 அன்று பிறந்த குழந்தையைப் பாருங்கள். இன்றைய கொரியர்கள் ஜனவரி 1 அன்றே வயதைக் கூட்டுவதால், பிறந்த மறுநாளே அதற்கு இரண்டு வயது. நம் கணக்கில் அது முதல் வயது நடக்கிற பச்சைக்குழந்தை, மருத்துவர் கணக்கில் ஒரு நாள் பிள்ளை.

இதே குழந்தையை வைத்துத்தான் கருவறைக் காரணத்தையும் நான் சந்தேகிக்கிறேன். வயிற்றில் இருந்த காலத்தைச் சேர்க்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம், அந்த மறுநாள் இரண்டாவது வயது எங்கிருந்து வந்தது? அவர்கள் கழிந்த காலத்தை அளப்பதில்லை, பிள்ளை கால் வைத்த ஆண்டுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள். 2020ஐத் தொட்டது, 2021ஐயும் தொட்டது, ஆக இரண்டு. நாமும் குழந்தை பிறந்த நாளையே முதல் நாளாக வைத்துத்தான் பதினோராம் நாள் சடங்கு செய்கிறோம், அது மாதிரி.

பழனியப்பன் எழுதியது:

நல்ல தலைப்பு. எனக்கும் இரண்டு வயது உண்டு. உண்மையில் பிறந்தது ஐப்பசி மாதம், ஆனால் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் என் கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொடச் சொன்னார், தொட்டதும் ஜூன் மாதத் தேதி ஒன்றை அவரே எழுதிக்கொண்டார். என் வகுப்பில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள்! அந்தத் தேதியின்படிதான் ஓய்வு பெற்றேன். ஆகவே "பள்ளி வயது", "வீட்டு வயது" என்று வைக்கலாமே?

சண்முகம் எழுதியது:

ஐயா, அது பிறந்த தேதியே இரண்டாக இருக்கிற கதை. இங்கே தேதி ஒன்றுதான், எண்ணுகிற முறை இரண்டு. ஆனால் காதைத் தொட்ட கதையை யாராவது தனியாக எழுத வேண்டும்.

தர்ஷினி எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணம். "நிறைவயது" எங்களுக்குச் சரிவராது. எங்கட ஆட்கள் எடையை நிறை என்றுதான் சொல்வார்கள். கிளினிக் அட்டையில் பிள்ளையின் நிறை, உயரம், வயது எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அங்கே "நிறைவயது" என்று போட்டால் நிறைக்கேற்ற வயது என்று யாரும் விளங்கிக்கொள்ளலாம். "நிறைவு வயது" என்றால் அந்தக் குழப்பம் இல்லை. "பூர்த்தி வயது" என்றும் சொல்லலாம், ஆனால் புதுச்சொல் ஆக்கும்போதே வடமொழிக்குப் போவானேன் என்று யாராவது கேட்பார்கள்.

"முடிந்த வயது" மட்டும் வேண்டாம். அரசர் வேறு செத்துப்போனார்.

சண்முகம் எழுதியது:

தர்ஷினி சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. "நிறைவு வயது" நல்ல சொல். கொரியரும் ஜப்பானியரும் இந்தக் கணக்கைக் குறிக்க "மன்", "மான்" என்று முன்னால் ஒட்டுகிற சொல்லுக்கும் நிறைந்தது என்றுதான் பொருள். சீனர்கள் முழுச்சுற்று என்ற பொருளில் "ஜோசுய்" என்கிறார்கள், மற்றதை "ஷூசுய்", அதாவது வெற்று வயது. அதைப் பார்த்து "வெற்று வயது" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள், அரசரை அவமதித்த மாதிரி இருக்கும்.

ஆனால் மற்ற கணக்கின் பெயர்தான் சிக்கல். அதற்குக் கொரியர்களும் ஜப்பானியர்களும் சொல்வது "எண்ணுகிற வயது" என்றே பொருள்படும். தமிழில் "எண்ணு வயது" என்றால், எண்ணாத வயது எது என்று கேட்பார்கள். நான் "ஆண்டெண் வயது" என்று முன்மொழிகிறேன், தொட்ட ஆண்டுகளின் எண்ணிக்கை என்ற பொருளில்.

தர்ஷினி எழுதியது:

"ஆண்டெண்" என்றால் எனக்கு 1450 என்ற எண்தான் நினைவுக்கு வருகிறது ஐயா. நீங்கள் விளக்கம் எழுதினபடியால் விளங்கியது, விளக்கம் இல்லாமல் வாசிக்கிறவருக்கு விளங்காது. உங்கள் கடிதத்திலேயே நல்ல சொல் கிடக்கிறது. புத்தாண்டில் ஏறுகிற வயதுதானே? "புத்தாண்டு வயது" என்றால் என்ன?

காஞ்சனா எழுதியது:

நான் கொரியாவில் சுவோனில் இருக்கிறேன், கொஞ்சம் தாமதமாக நுழைகிறேன். என் மகள் 2020 நவம்பரில் இங்கேதான் பிறந்தாள். முதல் பிறந்தநாளை இங்கே "தோல்" என்று பெரிதாகக் கொண்டாடுவார்கள், குழந்தை முன்னால் நூல், பணம், பென்சில் எல்லாம் பரப்பி எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த விழாவுக்கு வந்த வீட்டுக்காரப் பாட்டி "இரண்டு வயசுக்குச் சின்னதாக இருக்கிறாளே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் கணக்கில் பிறந்தபோது ஒன்று, அந்த ஜனவரியில் இரண்டு ஆகிவிட்டது என்று பிறகு அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான் புரிந்தது.

2023 ஜூன் 28 முதல் சட்டப்படி நிறைவு வயதுதான். வேறு கணக்கு என்று எங்கும் தனியாகச் சொல்லாவிட்டால் ஒப்பந்தத்திலும் அரசு ஆவணத்திலும் இதுவே பொருள். ஒரே நாளில் எல்லோருக்கும் ஒன்றோ இரண்டோ குறைந்துவிட்டது என்று அலுவலகத்தில் ஒரே சிரிப்பு. ஆனால் நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள், இங்கே மூன்றாவதாக ஒரு வயதும் இருக்கிறது. நடப்பு ஆண்டில் இருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வருவது, ஒன்று கூட்டுவதில்லை. கட்டாய ராணுவச் சேவைக்கும், மது, சிகரெட் விற்பதற்கும் இன்னும் அதுதான். 19 ஆகப்போகிற ஆண்டின் ஜனவரி 1 அன்றே வாங்கலாம், பிறந்தநாள் டிசம்பரில் இருந்தாலும் சரி. கடைக்காரர் அட்டையில் ஆண்டை மட்டும் பார்த்தால் போதும். இதுவும் புத்தாண்டில்தானே ஏறுகிறது? அப்படியானால் "புத்தாண்டு வயது" எதைக் குறிக்கும்?

பாஸ்கரன் எழுதியது:

சரி, செஜோங் விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், அறுபதாம் கல்யாணம்? நாம் 60 நிறைந்து 61 தொடங்கும்போது செய்கிறோம். கொரியாவிலும் அறுபது வருஷச் சுற்று உண்டு, அவர்களும் அதைக் கொண்டாடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்கள் கணக்கில் ஒரு வயது கூட என்றால் நம்மைவிட ஒரு வருஷம் முன்னாலேயே செய்துவிடுவார்களா?

சண்முகம் எழுதியது:

நல்ல கேள்வி. "ஹ்வான்காப்" என்பார்கள். முன்னாலே வராது, அதே ஆண்டுதான். அவர்கள் அதை 61ஆம் வயது விழா என்பார்கள், நாம் 60 நிறைந்த விழா என்கிறோம். பிறந்த ஆண்டின் பெயர் அறுபது ஆண்டு கழித்துத் திரும்பி வருவதுதான் இரண்டு ஊரிலும் காரணம். பிரபவ ஆண்டில் பிறந்தவருக்கு மறுபடி பிரபவ வரும் ஆண்டு, அவ்வளவே. ஆளைக் கேட்டால் எண் மாறும், ஆண்டு மாறாது.

காஞ்சனா கேட்டதற்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. "புத்தாண்டு வயது" எப்போது ஏறும் என்பதைச் சொல்கிறது, எங்கே தொடங்கும் என்பதைச் சொல்லவில்லை. ஒன்றில் தொடங்குகிறதா, சுழியத்தில் தொடங்குகிறதா என்பதையும் பெயரிலேயே வைத்தால் "ஒன்றுதொடங்கு புத்தாண்டு வயது" என்று ரயில் மாதிரி நீளும்.

"நிறைவு" கூட நாம் நினைக்கிற அளவுக்கு நேரானதல்ல. ஜப்பானில் 1902 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிறந்தநாளுக்கு முந்தின நாள் முடியும்போதே வயது நிறைந்துவிடுகிறது. அங்கே பள்ளி ஆண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது. அதனால் ஏப்ரல் 1 அன்று பிறந்த பிள்ளை, மார்ச்சில் பிறந்தவர்களோடு முந்தின வகுப்பில் சேரும். ஏப்ரல் 2 பிள்ளை ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

மாலதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. என் கட்டுரைக்கு மூன்றாவது வயது தேவைப்படாது, செஜோங் சிகரெட் வாங்கப் போவதில்லை. ஆகவே இப்படி எழுதியிருக்கிறேன்: "செஜோங் இறந்தபோது அவருக்கு நிறைவு வயது 52. பிறந்ததும் ஒன்று, ஒவ்வொரு புத்தாண்டிலும் இன்னொன்று என்று எண்ணும் கொரிய வழக்கப்படி புத்தாண்டு வயது 54." முதல் தடவை மட்டும் விளக்கம், அப்புறம் சொல் மட்டும்.

காஞ்சனா, உங்கள் மூன்றாவதுக்கு "ஆண்டு வயது" என்று சுருக்கமாக வைக்கலாமா? கொரியரும் அப்படித்தான் சொல்கிறார்களோ?

காஞ்சனா எழுதியது:

ஆமாம், அவர்கள் சொல்லின் பொருளும் அதுதான். ஆனால் "ஆண்டு வயது", "புத்தாண்டு வயது" இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டால் நானே குழம்புவேன். ஒன்றையாவது மாற்ற வேண்டும். வார இறுதியில் யோசித்து எழுதுகிறேன், மகளுக்குக் காய்ச்சல்.

பாஸ்கரன் எழுதியது:

எனக்கு இன்னும் "நடப்பு வயது"தான் பிடித்திருக்கிறது. பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.