புட் ரேஷியோ பேக்ஸ்ப்ரெட்: கிரெடிட் வாங்கிக்கொண்டே சரிவுக்குக் காப்பு கிடைக்குமா?

சேமிப்பாளன்
என் பங்குகளின் மதிப்பு ஏறத்தாழ ஒரு லாட் நிஃப்டி அளவுக்கு இருக்கிறது. நிஃப்டி 25,000. எக்ஸ்பைரிக்கு 45 நாள். 25,000 புட் ஒன்றை 380-க்கு விற்று, 24,200 புட் இரண்டை 175 வீதம் வாங்கினால் கைக்கு 30 புள்ளி வருகிறது. பெரிய சரிவு வந்தால் லாபம், வராவிட்டால் 30 புள்ளி மிச்சம். இந்தப் பேக்ஸ்ப்ரெட்டில் எங்கே ஓட்டை?

ஏற்றஇறக்கம்
ஓட்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. வெறும் புட் வாங்குகிறவர் மாதாமாதம் பிரீமியம் கட்டியே களைத்துப்போவார். 45 நாளுக்கு ஒரு முறை 80 புள்ளி போனால்கூட ஆண்டுக்கு 640 புள்ளி, அதாவது முதலீட்டில் இரண்டரை சதவீதத்துக்கு மேல். இங்கே சந்தை ஏறினால் அந்தச் செலவே கிடையாது. இறங்கினாலும் 23,430-க்குக் கீழே போனதும் லாபம் தொடங்கிவிடும்.

கணக்குப்பிள்ளை
23,430 என்ற எண் சரி. ஆனால் அது பேக்ஸ்ப்ரெட்டைத் தனியாக வைத்துப் போட்ட கணக்கு. பங்குகளையும் சேர்த்துப் போட்டால் படமே மாறிவிடும்.

எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 24,200-இல் நிற்கிறது என்று வையுங்கள். விற்ற புட்டுக்கு 800 கொடுக்க வேண்டும். வாங்கிய இரண்டும் பூஜ்யம். கையில் வந்த 30 போக நஷ்டம் 770. அதே நேரம் பங்குகளும் 800 இறங்கியிருக்கும். மொத்தம் 1,570. காப்புக்கென்று போட்ட பொசிஷன் சரிவை இரட்டிப்பாக்கிவிட்டது. 25,000-க்கும் 24,200-க்கும் நடுவே நீங்கள் இரண்டு லாட் பங்கு வைத்திருப்பவர் மாதிரிதான்.

அதற்குக் கீழே பாருங்கள். 22,000-இல் பங்குகளில் 3,000 நஷ்டம், பேக்ஸ்ப்ரெட்டில் 1,430 லாபம், நிகரம் மைனஸ் 1,570. 20,000-இல் மைனஸ் 5,000, பிளஸ் 3,430, மறுபடியும் மைனஸ் 1,570. ஆக, உங்களுக்குக் கிடைப்பது லாபம் இல்லை, 1,570-இல் ஒரு தரை மட்டுமே. 23,500 புட் ஒன்றை 80 புள்ளிக்கு வாங்கினாலும் தரை 1,580-இல் வந்து நிற்கும். 10 புள்ளிதான் வித்தியாசம். ஆனால் நிஃப்டி 24,200-இல் முடிந்தால் வெறும் புட் வைத்திருப்பவருக்கு நஷ்டம் 880. உங்களுக்கு 1,570.

ஏற்றஇறக்கம்
எக்ஸ்பைரி வரை வைத்திருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இதை யாரும் எக்ஸ்பைரி வரை இழுப்பதில்லை. சரிவு வந்தால் ஐவி, அதாவது ஆப்ஷன் விலையில் தெரியும் ஏற்றஇறக்க எதிர்பார்ப்பு, ஏறும். நம்மிடம் வாங்கிய புட் இரண்டு இருக்கிறது. ஒரு வாரத்தில் நிஃப்டி 23,750-க்கு விழுந்து, ஐவி 13-ஐ ஒட்டி இருந்தது 25-க்குப் போனால், 24,200 புட் 930 அளவில் வரும், 25,000 புட் 1,410 அளவில். கிரெடிட்டோடு சேர்த்தால் சுமார் 480 லாபம். அதே 23,750-இல் எக்ஸ்பைரி ஆனால் 320 நஷ்டம். 24,200-ஐச் சுற்றியுள்ள நஷ்டப் பள்ளம் கடைசி நாள்களில்தான் ஆழமாகிறது. 2024 ஜூன் 4 அன்று நிஃப்டி ஒரே நாளில் கிட்டத்தட்ட 6% விழுந்து 21,884-இல் முடிந்தது. அந்த எதிர்பார்ப்பை அளக்கும் இந்தியா விக்ஸ் மறுநாளே பெருமளவு இறங்கிவிட்டது. அன்றே லாபத்தை எடுத்தவருக்குத்தான் பலன்.

மிட்கேப்மணி
எனக்கு மிட்கேப் ஃபண்டுகளில் 18 லட்சம் இருக்கிறது. அப்படியானால் நானும் இதே ஒரு லாட் போட்டால் போதும், அப்படித்தானே? இன்னொன்று, விற்ற 25,000 புட் ஆழமாக உள்ளே போனால் எக்ஸ்பைரிக்கு முன்பே எதிராளி எக்ஸர்சைஸ் செய்துவிட மாட்டாரா?

கணக்குப்பிள்ளை
இரண்டாவதற்கு முதலில். நிஃப்டி ஆப்ஷன் ஐரோப்பிய வகை, பணமாகவே தீர்வு ஆகும். முன்கூட்டியே எக்ஸர்சைஸ் என்பது கிடையாது. கவலை மார்ஜினைப் பற்றித்தான் இருக்க வேண்டும். எக்ஸ்பைரி அன்று விற்ற இண்டெக்ஸ் ஆப்ஷனுக்கு 2% கூடுதல் மார்ஜின் உண்டு, 2024 நவம்பரிலிருந்து. போடும்போது வாங்கும் புட்களை முதலில் வாங்குங்கள், பிறகு விற்றால் மார்ஜின் குறைவாகப் பிடிக்கும். மூடும்போது தலைகீழ்: விற்றதை முதலில் திரும்ப வாங்க வேண்டும். பதற்றத்தில் லாபம் காட்டும் புட்களை முதலில் விற்றால் அந்தக் கணத்திலேயே மார்ஜின் எகிறி, அடுத்த ஆர்டர் நிராகரிக்கப்படலாம்.

முதல் கேள்வி: ரூபாய் ஒன்றாக இருக்கிறது என்பதால் மிட்கேப்பும் நிஃப்டியும் ஒன்றாகிவிடாது. நிஃப்டி 3% இறங்கும்போது மிட்கேப் 5% இறங்கினால், உங்கள் ஃபண்ட் ஒரு பக்கம் கூடுதலாக விழும், பேக்ஸ்ப்ரெட் அதே நேரம் பள்ளத்தில் கிடக்கும். உங்களுக்கு இந்தப் பொசிஷன் இன்னும் குறைவாகவே பொருந்தும்.

இப்போது ஐவி வாதம். அதே ஒரு வாரச் சரிவில் 80-க்கு வாங்கிய 23,500 புட் 600 அளவுக்குப் போகும். லாபம் 520. பேக்ஸ்ப்ரெட்டின் 480-க்கு அது குறையவில்லை. திடீர்ச் சரிவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று என்றால், எதற்காக அந்தப் பள்ளத்தைச் சுமக்க வேண்டும்?

ஏற்றஇறக்கம்
சந்தை ஏறும் மாதங்களுக்காக. அதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. பள்ளத்துக்கும் வழி இருக்கிறது. எக்ஸ்பைரிக்கு 20 நாள் இருக்கும்போது, லாபமோ நஷ்டமோ, மூடிவிட்டு அடுத்த மாதத்துக்கு மாற்ற வேண்டும். நிஃப்டி 24,200-க்கு மெல்ல இறங்கி ஐவி 15-லேயே இருந்தாலும், 20 நாள் மீதியில் நஷ்டம் 185 அளவுதான். 10 நாள் மீதியில் 320. கடைசி வரை வைத்திருந்தால்தான் 770.

கணக்குப்பிள்ளை
20 நாள் விதியை முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் அந்த விதியோடு 30 புள்ளி கிரெடிட்டும் போய்விடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நிஃப்டி 25,000-லேயே அசையாமல் இருந்தது என்று வையுங்கள். 20 நாள் மீதியில் 25,000 புட் 275 அளவில் இருக்கும், 24,200 புட் 75-க்கு வந்திருக்கும். மூடினால் சுமார் 100 புள்ளி நஷ்டம். வெறும் புட்காரர் அதே நாளில் 60 புள்ளிதான் இழந்திருப்பார். கிரெடிட் கைக்கு வருவது எக்ஸ்பைரி வரை காத்திருந்து, சந்தை 25,000-க்கு மேல் முடிந்தால்தான். நீங்கள் அதுவரை காத்திருக்கப் போவதில்லை.

கிரெடிட்டைப் பெரிதாக்க 24,200-க்குப் பதில் 24,000 வாங்குகிறவர்களையும் பார்க்கிறோம். 140 வீதம் வாங்கினால் 100 கிரெடிட் வரும். பள்ளத்தின் ஆழம் 770-லிருந்து 900 ஆகும். லாபம் தொடங்கும் இடம் 23,100-க்கு இறங்கும்.

ஏற்றஇறக்கம்
அசையாத சந்தையில் 100 போகும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நான் அதைக் குறைத்துச் சொல்லிவிட்டேன். ஆனால் சந்தை 25,700-க்கு ஏறினால் அதே 20 நாள் மீதியில் நஷ்டம் 10 புள்ளியை ஒட்டித்தான். வெறும் புட்டில் பெரும்பகுதி கரைந்திருக்கும். ஏறும் சந்தையில் நீண்ட காலம் இருப்பவருக்கு அந்த வித்தியாசம் சேரும்.

கணக்குப்பிள்ளை
ஏறும் சந்தை, அல்லது ஒரே அடியாக விழும் சந்தை. இரண்டும் இல்லாமல் 2024 அக்டோபர் மாதிரி வந்தால்? அந்த மாதம் நிஃப்டி 6 சதவீதத்துக்கு மேல் இறங்கியது, பெரும்பாலும் நாளுக்குக் கொஞ்சமாக. அடுத்த பிப்ரவரியிலும் கிட்டத்தட்ட அதே அளவு. 25,000-லிருந்து 6% என்றால் 23,500. எக்ஸ்பைரி அங்கே நடந்தால் பேக்ஸ்ப்ரெட்டில் மைனஸ் 70. பங்குகளில் விழுந்த 1,500-இல் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது.

சேமிப்பாளன்
பங்குகளையும் சேர்த்துக் கணக்குப் போட எனக்குத் தோன்றவே இல்லை. பாதி அளவுக்கு 23,500 புட், மீதிக்குப் பேக்ஸ்ப்ரெட் என்று பிரிக்கலாமா?

ஏற்றஇறக்கம்
ஒரு லாட்டைப் பாதியாக வெட்ட முடியாது. இரண்டு லாட் அளவுக்குப் பங்கு இருப்பவர் செய்யலாம். நான் அப்படித்தான் பரிந்துரைப்பேன்.

கணக்குப்பிள்ளை
உங்கள் அளவுக்கு 23,500 புட் மட்டும். 80 புள்ளி அதிகம் என்று தோன்றினால் 23,000-ஐப் பாருங்கள். 25,000-ஐ விற்க வேண்டாம்.