கலைச்சொல் விவாதம்: ‘ஈட்டளவு’ சரிவருமா?

மணிமேகலை:
குழுவினருக்கு வணக்கம். மருந்துச் சோதனைகள் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன், ஒரு சொல்லில் வேலை நிற்கிறது. ஒரு மருந்து பக்கவாதத்தையும் மாரடைப்பையும் தடுக்கிறதா என்று எண்ணிப் பார்க்க ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் தொடர வேண்டும். அதனால் கொலஸ்டிராலையோ சர்க்கரையையோ சில மாதம் அளந்து, அது குறைந்தால் மருந்து பலித்தது என்கிறார்கள். அந்த ‘சரோகேட்’ அளவுக்குத் தமிழில் என்ன சொல்வது? ‘மாற்று முடிவுப்புள்ளி’ என்று ஓரிடத்தில் பார்த்தேன், படிப்பவருக்கு எந்தப் புள்ளி என்றே புரியாது. ‘ஈட்டளவு’ எனலாமா? ஒன்றுக்கு ஈடாக வைக்கும் அளவு என்ற பொருளில் கேட்கிறேன்.

சேகர்:
புதுச்சொல் எதற்கு? ‘உயிர்க்குறி’ இருக்கிறதே. கொலஸ்டிரால், சர்க்கரை எல்லாமே உடலில் அளக்கும் குறிகள்தாம். இரண்டும் ஒன்றுதான்.

மருத்துவர் இளங்கோ:
சேகர் சொல்வதில் பாதி சரி. கொலஸ்டிரால் உயிர்க்குறிதான். ஆனால் அதை அளந்துவிட்டு, ‘இனி மாரடைப்பை எண்ண வேண்டாம், இதுவே போதும்’ என்று சோதனையின் தீர்ப்பை அதன்மேல் வைக்கும்போதுதான் அது சரோகேட் ஆகிறது. குறி எதுவும் தானாக அந்தப் பதவிக்கு வருவதில்லை, நாம் ஏற்றுகிறோம்.

மணிமேகலை அம்மா, ‘ஈடு’ வேண்டாம் என்பேன். ஈடு என்றாலே சமம் என்று காதில் விழுகிறது. அந்தச் சமம்தான் நிரூபிக்கப்படாத இடம்.

டார்செட்ராபிப் மருந்தின் கதையைப் பாருங்கள். சுமார் 15,000 பேரை இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் கொலஸ்டிராலைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் உண்டு, ஒரு பாதிக்கு மட்டும் கூடவே டார்செட்ராபிப். ஓராண்டில் அந்தப் பாதியினருக்கு நல்ல கொலஸ்டிரால் 72 சதவீதம் ஏறியது, கெட்டது 25 சதவீதம் இறங்கியது. ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்தால் கொண்டாட வேண்டிய மருந்து. ஆனால் 2006 டிசம்பரில் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். இறப்புகளை எண்ணி முடித்தபோது மருந்துப் பக்கம் 93, மற்றப் பக்கம் 59.

காரணம் முழுதாகத் தெளிவாகவில்லை. ரத்த அழுத்தம் சராசரியாக 5 மி.மீ. போல் ஏறியிருந்தது, உடலில் உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் சுரப்பும் கூடியிருந்தது. கொலஸ்டிராலைச் சரிசெய்த அதே மாத்திரை வேறொரு வழியில் உடலைத் தொட்டிருக்கிறது. கொலஸ்டிராலை மட்டும் அளப்பவர் கண்ணில் அந்த இன்னொரு வழி படாது.

ராஜலட்சுமி:
எனக்குப் பயமாக இருக்கிறது டாக்டர். எனக்குச் சுகர், அதோடு இரவில் ஒரு ஸ்டேடின் மாத்திரை. கொலஸ்டிரால் நன்றாகக் குறைந்தது என்று போன வாரம்தான் சொன்னார்கள். அந்தக் குறைவுக்கு அர்த்தமே இல்லையா? நிறுத்திவிடவா?

மருத்துவர் இளங்கோ:
நிறுத்தாதீர்கள் அம்மா. ஸ்டேடினுக்கு ஆளை எண்ணிப் பார்த்தாயிற்று. 1994இல் வெளியான ஸ்காண்டிநேவியச் சோதனையில் இதயநோய் உள்ள 4,444 பேரை ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 256 பேர் இறந்தார்கள், சிம்வாஸ்டாடின் என்ற ஸ்டேடின் எடுத்தவர்களில் 182 பேர். அளவு அதே கொலஸ்டிரால்தான், மருந்து வேறு. ஒரு மருந்துக்காக அது சம்பாதித்த நம்பிக்கையை இன்னொரு மருந்துக்கு அப்படியே எழுதிக் கொடுக்க முடியாது. இதனால்தான் நான் சொல்லில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். ‘பதிலி அளவு’ என் பரிந்துரை. பதிலி என்றால் இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். சமம் என்று சொல்லவில்லை.

மணிமேகலை:
‘பதிலி அளவு’ பிடித்திருக்கிறது. சரி, எதிர்ப்பக்கச் சொல்? நோயாளிக்கு உண்மையில் ஏற்படுவதை ‘உணர்விளைவு’ எனலாமா?

ராஜலட்சுமி:
ஒரு சந்தேகம். சர்க்கரை குறைந்ததும் தாகம் அடங்கியது, இரவில் எழுந்து போவது நின்றது. அதை நான் உணர்ந்தேன். வராமல் போன பக்கவாதத்தை யார் உணர்வார்கள்?

மருத்துவர் இளங்கோ:
நான் யோசிக்காத கேள்வி இது. தவிர்க்கப்பட்ட பக்கவாதத்தை எந்த ஒருவராலும் சுட்டிக்காட்ட முடியாது. இரண்டு குழுக்களை எண்ணி ஒப்பிட்டால்தான் தெரியும். இறப்பையும் ‘உணர்வு’ என்று சொல்ல முடியாது. ஆகவே ‘உணர்விளைவு’ நிற்காது. ‘நேர்விளைவு’ எப்படி? ஆளுக்கு நேர்ந்தது என்றும் பொருள், இடையில் பதிலி இல்லாமல் நேரடியானது என்றும் பொருள்.

சேகர்:
நான் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். நேர்மின், எதிர்மின் என்று படித்த பிள்ளைகள் நேர்விளைவு என்றால் நல்ல விளைவு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பக்கவாதம் நேர்விளைவா? ‘நோயர் விளைவு’ என்றே வைத்துவிடலாமே.

மணிமேகலை:
‘நோயர் விளைவு’ நோயின் விளைவு போலக் கேட்கிறது சேகர். இப்போதைக்குக் கட்டுரையில் ‘பதிலி அளவு’ போடுகிறேன். மற்றதை ‘நோயாளிக்கு நேர்வது’ என்று விரித்தே எழுதுகிறேன். நல்ல ஒற்றைச்சொல் கிடைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றுதான் அனுப்ப வேண்டும்.