புதுப்பிப்பு: ஸ்டென்டுக்குப் பிறகு குறையாத ட்ரைகிளிசரைடு

அன்னைக்குக் கேட்டது: "அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சு ஆறு வாரம். மாத்திரை தவறல. ரத்தத்துல இருக்கிற கொழுப்பு ட்ரைகிளிசரைடு 268, கெட்ட கொழுப்பு எல்டிஎல் 94. இதயப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போனா குறையுமா?"

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பாளையங்கோட்டையில வாரம் மூணு நாள், 12 வாரம் போனோம். நெஞ்சுல ஈசிஜி ஒயரை ஒட்டி டிரெட்மில்லுல விடுவாங்க. பேசிக்கிட்டே நடக்க முடியணும். பேச்சு திணறினா வேகத்தைக் குறைப்பாங்க. முதல் நாள் பத்து நிமிஷம், கடைசியில 35.

கூடவே கைகொடுத்தது பிசியோதெரபி அண்ணாச்சி சொன்னது: "ஒரு நாளைக்குக் குடிக்கிற காப்பியை எண்ணிப் பாருங்க." அஞ்சு டம்ளர், அத்தனையும் கருப்பட்டி! சீனிக்குப் பதிலா அது நல்லதுன்னு ஒரு அக்கா சொன்னதை நம்பியிருந்தோம். ட்ரைகிளிசரைடுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அதை நிறுத்தி, ராத்திரிச் சோத்தையும் பாதியாக்கினோம். இப்போ 151.

எதிர்பாராதது எல்டிஎல். ஞாயித்துக்கிழமை தேங்காய்ப்பால் சொதியை விட்டும் 86தான். நடை அதை அவ்வளவா அசைக்காதுன்னு டாக்டர் எல்டிஎல்லைக் குறைக்கிற எசெட்டிமைப் மாத்திரையும் சேர்த்திருக்கார். 55க்குக் கீழ வரணுமாம். அடுத்த மாசம் பார்க்கணும்.

வாய்வுக்கு மருந்து கேட்ட அண்ணே, நடக்கும்போது வர்ற நெஞ்செரிச்சலுக்கு முதல்ல ஈசிஜி எடுங்க. ஸ்டென்ட் வைக்கிறதுக்கு முன்னாடி அப்பாவும் ரெண்டு நாள் வாய்வுன்னுதான் ஓமத்தண்ணி குடிச்சார்.