[கலைச்சொல்] துல்கு: மறுபிறவியா, திருமேனியா?

மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம். 1959க்கு முந்தைய திபெத் அரசைப் பற்றிய நூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை மூன்றாம் இயல் போக வேண்டும். இறந்த லாமா மீண்டும் குழந்தையாகப் பிறந்து அதே பட்டத்துக்கு வந்தால் அவரைத் திபெத்தியர் 'துல்கு' என்கிறார்கள். நான் 'மறுபிறவி லாமா' என்று போட்டேன். பதிப்பாசிரியர் ஓரத்தில் பென்சிலால் எழுதியது: "பௌத்தத்தில் எறும்பும் மறுபிறவிதானே? இதில் லாமாவுக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு?" பதில் தெரியவில்லை. சொல் தாருங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

எளிது. 'அவதார லாமா'. கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரர் 1391 முதல் தலாய் லாமாவாக அவதரித்துத் திபெத்தை ஆண்டு வருகிறார். அவதாரம் என்றால் பாட்டிக்கும் புரியும். புதுச்சொல் எதற்கு?

புலவர் ஐயா

அவதாரம் வடசொல். அதோடு அது மேலிருந்து இறங்குவது. இவர்களோ போய்த் திரும்பி வருகிறவர்கள். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. 'துல்கு' என்பதை உரக்கச் சொல்லிப் பாருங்கள். துலங்கு! துலங்குதல் என்றால் விளங்கித் தோன்றுதல். பாத்திரம் துலக்குகிறோமே, அதே வேர். துல், துலக்கு, துலங்கு, துல்கு. நாகையிலிருந்து கப்பலேறிய தேரர்கள் கொண்டுபோன சொல்லாக ஏன் இருக்கக் கூடாது? ஆகவே 'துலங்கர்' என்று பரிந்துரைக்கிறேன்.

வரலாறு படித்த அக்கா

ஐயா, துலக்கின பாத்திரம் பளபளக்கிறது, ஆனால் அது நம் பாத்திரம் இல்லை. திபெத்தியர் வாயில்தான் அது துல்கு, எழுத்தில் 'ஸ்ப்ருல் ஸ்கு'. ஸ்ப்ருல் என்றால் மாயமாகத் தோற்றுவிப்பது. ஸ்கு என்றால் உடல். அதுவும் பெரியவர்களின் உடலுக்கு மட்டும் வரும் மரியாதைச் சொல். சாதாரண உடலுக்கு 'லூ' என்று வேறு சொல் உண்டு. நிர்மாணகாயம் என்ற வடசொல்லைத்தான் அப்படி மொழிபெயர்த்தார்கள். மேனிக்கும் திருமேனிக்கும் உள்ள வேறுபாடு நமக்குப் பழக்கம்தானே? 'தோற்றத் திருமேனி' என்றால் ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் வந்துவிடும்.

ஆசிரியர் ஐயா சொன்னதில் பாதிதான் சரி. 1391இல் பிறந்த கெண்டுன் துருப் தம் வாழ்நாளில் தலாய் லாமா என்று அழைக்கப்பட்டதே இல்லை. அந்தப் பட்டம் 1578இல் மங்கோலிய அரசர் அல்தான் கான் சோனம் கியாட்சோவுக்குக் கொடுத்தது. அவரை மூன்றாமவர் என்று எண்ணி, முந்தைய இருவருக்கும் பின்னால் எண் போட்டார்கள். நாட்டை ஆளும் அதிகாரம் 1642இல்தான் வந்தது. மங்கோலியத் தலைவர் குஷ்ரி கானின் படை வென்று கொடுக்க, ஐந்தாமவர் ஏற்றார். அந்த அரசுக்கு கான்டென் போத்ராங் என்று பெயர்.

முறையோ அதைவிடப் பழையது, தொடக்கம் கர்மா கக்யூ என்ற பௌத்த மரபின் தலைவர்களான கர்மாபாக்களிடம். முதலாமவர் தூசும் கியென்பா 1193இல் இறந்தார். கர்மா பக்ஷி அவருடைய மறுவருகை என்று கருதப்பட்டார். ஒரு குழந்தையை அடையாளம் கண்டு, வளர்த்து, முன்னவர் இடத்தில் அமர்த்துவது அடுத்தவரான ரங்ஜுங் தோர்ஜே காலத்தில், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்றது. அதே காலத்தில் சாக்யா மடத்தில் கோன் குடும்பத்துக்குள்ளேயே பெரியப்பா, சித்தப்பாவுக்குப் பின் தம்பி மகன், அண்ணன் மகன் என்று பட்டம் போனது. துறவிக்குப் பிள்ளை கிடையாது. குடும்பத்தின் பிடியும் வேண்டாமென்றால், இறந்தவரே திரும்பி வந்து தம் சொத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கும்பகோணத்துக்காரர்

எங்கள் பக்கத்து ஆதீனங்களிலும் சந்நிதானம் துறவிதான். அங்கே உயிரோடு இருக்கும்போதே சின்னப்பட்டம் கட்டிவிடுகிறார்கள். சிக்கல் தீர்ந்தது. திபெத்தில் ஏன் அப்படிச் செய்யவில்லை? ஒரு வேளை இது கூடுவிட்டுக் கூடு பாய்தலோ? திருமூலர் மூலனின் உடலில் புகுந்தாரே! 'கூடுபெயர்ந்தார்' நல்ல சொல்லாக இருக்கும். எங்கள் தெரு சித்தர் சமாதியில் வருகிற பௌர்ணமிக்கு...

மொழிபெயர்ப்பாளர்

சமாதிப் பூசையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமா? வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

வரலாறு படித்த அக்கா

ஆனால் அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. சின்னப்பட்டம் கட்டினால் பெரியவர் இறந்த மறுநாளே அடுத்தவர் தயார். துல்கு முறையில் அடுத்தவர் தொட்டிலில் கிடப்பார். தேட ஓரிரு ஆண்டு, அவர் பொறுப்பேற்கும் வயதுக்கு வளர இன்னும் பதினைந்து, பதினெட்டு ஆண்டு. அது வரை ஆள்வது யார்? உங்கள் இயலின் முடிச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

ஐந்தாமவர் 1682இல் இறந்தார். லாசாவில் போத்தலா அரண்மனை பாதி எழும்பி நிற்கிறது. ஆட்சியைக் கவனிக்கும் தேசி என்ற பதவியில் இருந்த சாங்யே கியாட்சோ, "தியானத்தில் இருக்கிறார், யாரையும் பார்க்கமாட்டார்" என்று சொல்லியே 15 ஆண்டு ஓட்டினார். இதற்கிடையில் இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் உள்ள தவாங் பக்கத்தில் 1683இல் பிறந்த பிள்ளையைக் கமுக்கமாக அடையாளம் கண்டு வளர்த்தார்கள். 1697இல் சேதி வெளியாகி, பையனை ஆறாமவராகப் பட்டத்தில் அமர்த்தியபோது பதினாலு வயது. அவனுக்குத் துறவு ஒட்டவில்லை, கவிதை ஒட்டியது. 1702இல் விரதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். 1705இல் தேசி கொல்லப்பட்டார், அடுத்த ஆண்டு ஆறாமவரும் போய்விட்டார்.

1757இல் ஏழாமவர் இறந்த பிறகு பதிலாள் வைப்பது வழக்கமாகவே ஆனது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு தலாய் லாமாக்களில் ஒருவரும் 22 வயதைத் தொடவில்லை. நஞ்சு என்று பேச்சு உண்டு, நிறுவப்படவில்லை. 1895இல் பதின்மூன்றாமவர் பொறுப்பேற்கும் வரை பெரும்பாலான ஆண்டுகள் ஆண்டது பதிலாட்களே. அவர்களில் பலர் தாங்களும் வேறு மடத்துத் துல்குக்கள்.

புலவர் ஐயா

தகவலுக்கு நன்றி அம்மா. ஆயினும் தமிழிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. மணிமேகலையில் ஆபுத்திரன் இறந்து சாவக நாட்டில் புண்ணியராசனாகப் பிறக்கவில்லையா? மணிபல்லவத்தில் மணலைத் தோண்டித் தன் பழைய எலும்பையே பார்க்கவில்லையா?

வரலாறு படித்த அக்கா

ஐயா, பதிப்பாசிரியருக்குப் பதிலே கிடைத்துவிட்டது! ஆபுத்திரனின் அமுதசுரபி யாருக்குப் போனது? மணிமேகலைக்கு. புண்ணியராசன் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அவனுக்குக் கிடைத்த அரசும் வளர்த்த தந்தையிடமிருந்து வந்தது, போன பிறவியிலிருந்து அல்ல. அது மறுபிறவி. பாத்திரமும் அவனிடமே திரும்பியிருந்தால் அது துல்கு. லாமாவின் நிலம், மாடு, நூல், குத்தகை எல்லாம் சேர்ந்தது அவருடைய லப்ராங். குழந்தை வளரும் வரை அதைக் காரியஸ்தர் பார்த்துக்கொள்வார். பிறகு சாவி அந்தப் பிள்ளையிடம் போகும்.

பைலகுப்பே அண்ணன்

மைசூரில் வேலை பார்த்தபோது ஞாயிறுதோறும் பைலகுப்பே திபெத்தியர் குடியிருப்புக்குப் போவேன். மோமோ கடைக்காரரிடம் ஒரு சின்னப் பையனைக் காட்டி "துல்குவா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார், உடனே "யாருடைய யாங்சி என்று தெரியவில்லை" என்றார். இரண்டும் ஒன்றில்லையா?

வரலாறு படித்த அக்கா

கடைக்காரர் நம்மைவிடத் தெளிவு. துல்கு என்பது தகுதி, யாங்சி என்பது உறவு. 'யாங்' மறுபடி, 'சி' இருப்பு. இன்னாருடைய யாங்சி என்றுதான் சொல்வார்கள்.

மொழிபெயர்ப்பாளர், வியாழன் இரவு

அப்படியானால் என் முடிவு: யாங்சிக்கு 'மீள்வரவு', துல்குவுக்குத் 'துல்கு'வே, முதல் இடத்தில் மட்டும் தோற்றத் திருமேனி என்று விளக்கம். ஆட்சியைப் பார்த்துக்கொண்டவர் 'அரசப் பதிலாள்'. சோதனை வாக்கியம்: "ஐந்தாமவரின் மீள்வரவு வளரும் வரை அரசப் பதிலாள் ஆண்டார்." இடறவில்லை. மூன்று பேர் சரி என்று தனிமடல் போட்டிருக்கிறீர்கள், போதும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

'மீள்வரவு' என்றால் வங்கியில் பணம் திரும்ப வந்ததுபோல் இருக்கிறது. அவதாரமே மேல்.

புலவர் ஐயா

துல்கு என்று எழுதுவதானால் ஓர் எழுத்துச் சேர்த்துத் துலங்கு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர், வெள்ளி

பதிவாயிற்று ஐயா. கோப்பு போய்விட்டது. அடுத்த இயலில் கஷாக் வருகிறது: ஒரு துறவி, மூன்று இல்லறத்தார், நால்வரும் சம நிலை. 'அமைச்சரவை' என்று போட்டுவிடட்டுமா?

கும்பகோணத்துக்காரர்

நாற்பேராயம்!