அம்மாவின் அழைப்பைத் தனியாக அறிய உதவி தேவை

வணக்கம். ஹட்டனில் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்து லயத்தில் தனியாக இருக்கும் அம்மாவின் அழைப்பு, வாட்ஸ்அப் குழுக்களின் இரைச்சலில் தவறிவிடுகிறது.

அவருடைய எண் சிம் அட்டையில் இருந்தவரை, அதற்குத் தனி ரிங்டோன் வைக்கும் வசதியே தென்படவில்லை. எண்ணை என் ஆண்ட்ராய்டு தொலைபேசியின் நினைவகத்துக்கு மாற்றிய பின்னரே, தொடர்பைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் அதனை அமைக்க முடிந்தது. ஆயினும் அவர் வாட்ஸ்அப்பில் அழைத்தால் பழைய ஒலியே கேட்கிறது. அந்தச் செயலிக்குள் அவருக்கெனத் தனி அழைப்பு ஒலியை எங்கே அமைப்பது?

மற்றொன்று, குறுஞ்செய்தி ஒலியைக் குறைத்தால் ரிங்டோனும் சேர்ந்தே குறைந்துவிடுகிறது (இதுதான் பெரிய தலைவலி). இரண்டுக்கும் ஒரே ஒலியளவுக் கட்டுப்பாடு உள்ள பழைய தொலைபேசியில், குழுக்களின் அறிவிப்புகளை மட்டும் ஓசையற்றதாக்கினால் போதுமா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.